புற்றுநோய்க்கு மருந்து என்று போடலாமா? ஒரே செய்திக்கு நான்கு தலைப்புகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பகுதித் தோட்டத்துக்காரர்களுக்காக வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு பக்க வாரத்தாள் ஒன்றைக் கொண்டுவருகிறோம். கோயில் அறிவிப்பு, தோட்டத் துண்டாடலுக்குப் பின் வந்த குடியிருப்புகளின் தண்ணீர்ப் பிரச்சினை, தமிழ்ப்பள்ளிப் பதிவு, கடைசிக் கட்டத்தில் ஒரு மருத்துவச் செய்தி. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆசிரியர். நாங்கள் அவரை ஐயா என்போம். மருத்துவக் கட்டம் என் பொறுப்பு. ஆங்கிலத்திலோ மலாயிலோ வந்ததைத் தமிழாக்கி, மளிகைக்கடை வாசலில் இருக்கும் பலகையில் ஒரு பிரதியையும் ஒட்டுவேன். அந்தப் பலகையில் பெரும்பாலானோர் படிப்பது தலைப்பை மட்டுமே.

2022 ஜூன் மாதம் உலகம் முழுவதும் ஒரு செய்தி ஓடியது. நியூயார்க்கில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் ஒரு மருந்தைப் பெற்ற நோயாளிகள் அத்தனை பேருக்கும் புற்றுநோய் இல்லாமல் போயிற்று என்பது செய்தி. நான் போட்ட தலைப்பு: ‘புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு! அனைவரும் குணம்!’ இரண்டு ஆச்சரியக்குறிகளும் என்னுடையவைதான்.

திங்கட்கிழமை காலை, நான்கு வீடு தள்ளி இருக்கும் அக்கா வாசலுக்கே வந்துவிட்டார். அவருடைய கணவருக்கு மலக்குடலில் புற்று. வாரநாட்களில் ஈப்போவுக்குக் கதிர்வீச்சுக்குப் போய்வருகிறார். அது முடிந்ததும் அறுவை சிகிச்சை என்று சொல்லியிருந்தார்கள். அன்று அவர் போகவில்லை. “தம்பி, மருந்துதான் வந்துவிட்டதே. வயிற்றில் பை கட்டிக்கொண்டு திரிய வேண்டுமா என்று அவர் கேட்கிறார்” என்றார் அக்கா. கையில் எங்கள் வாரத்தாள் நான்காக மடித்து இருந்தது.

மறுநாள் அக்காவின் கணவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தபின், அந்தச் செய்தியின் மூலக்கட்டுரை சொன்னதை வரிவரியாக எடுத்து வைத்துக்கொண்டேன். நான் போட்டிருக்கக்கூடிய மற்றத் தலைப்புகளையும் அதன் எதிரில் வைத்துப் பார்த்தேன். ஒரு தலைப்பு எங்கே கெடுகிறது என்பதை அந்த வாரம்தான் கற்றுக்கொண்டேன்.

முதலில் நடந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். மருந்தின் பெயர் டோஸ்டார்லிமாப். உடலின் நோயெதிர்ப்பு அணுக்கள் மீது இருக்கும் ஒரு தடையை அது எடுத்துவிடுகிறது. தடை நீங்கியதும் அந்த அணுக்களே புற்றணுக்களை அடையாளம் கண்டு தாக்குகின்றன. எல்லாப் புற்றிலும் இது நடப்பதில்லை. உயிரணு பிரியும்போது மரபுப்பொருளைப் படியெடுப்பதில் ஏற்படும் பிழைகளைத் திருத்தும் ஏற்பாடு ஒன்று நம் அணுக்களில் உண்டு. அந்த ஏற்பாடு பழுதான கட்டிகளில் பிழைகள் குவிந்துகிடப்பதால், உடலால் அவற்றை அந்நியம் என்று எளிதில் கண்டுகொள்ள முடிகிறது. மலக்குடல் புற்றுநோயாளிகள் 100 பேரை எடுத்தால் 5 முதல் 10 பேருக்கே இந்த வகை இருக்கும். ஆய்வில் சேர்ந்தவர்கள் அனைவரும் இந்த வகையினர். நோய் தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் பரவாதவர்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஆறு மாதம் மருந்து ஏற்றினார்கள். கட்டுரை வெளியான நேரத்தில் சிகிச்சையை முடித்து ஆறு மாதமாவது கண்காணிக்கப்பட்டவர்கள் 12 பேர். ஸ்கேன், உள்நோக்கிக் குழாய், விரல் பரிசோதனை, திசுச் சோதனை எதிலும் அந்த 12 பேரிடமும் கட்டி தென்படவில்லை. கதிர்வீச்சும் அறுவையும் அதுவரை ஒருவருக்கும் தேவைப்படவில்லை. கண்காணித்த காலத்தின் இடைநிலை ஓராண்டு. ஒப்பிட்டுப் பார்க்க, மருந்து பெறாத இன்னொரு குழு கிடையாது.

இது வியக்கத்தக்க முடிவு. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 12க்கு 12 என்பது புற்றுநோய் ஆய்வில் யாரும் எதிர்பார்க்காதது. ஆனாலும், ஏற்கெனவே உள்ள சிகிச்சையின் இடத்தை இது இப்போதே பிடித்துவிட முடியாது என்று அந்தக் கட்டுரையை வெளியிட்ட மருத்துவ இதழின் தலையங்கமே எழுதியது. மலக்குடல் புற்றைக் குணப்படுத்தும் சிகிச்சை முன்பே இருக்கிறது. அது கடினமானது என்பதுதான் பிரச்சினை. அக்காவின் கணவர் விட்டுவிட இருந்தது அந்தச் சிகிச்சையை.

இனித் தலைப்புகள். முதலாவது நான் போட்டது: ‘புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு’. இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று நான் என்னையே தேற்றிக்கொண்டதுண்டு. புற்றுநோய்தான், மருந்துதான். கெடுத்தது இலக்கணம். ‘தலைவலிக்கு மாத்திரை’, ‘இருமலுக்கு மருந்து’ என்றுதான் நாம் கடையில் கேட்கிறோம். நான்காம் வேற்றுமையில் நோயை வைத்து அடுத்து மருந்து என்று சொன்னால், அந்த நோய் உள்ள எவருக்கும் கொடுக்கக்கூடிய, அலமாரியில் இருக்கிற பொருள் என்றுதான் தமிழ்க் காதுக்குக் கேட்கும். மேலும் ‘புற்றுநோய்’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒன்றும் இல்லையென்றால் அது எல்லாப் புற்றையும் வளைத்துக்கொள்ளும். மார்பு, கருப்பைவாய், நுரையீரல், எல்லாம் அதற்குள் அடக்கம். ‘கண்டுபிடிப்பு’ என்பது வேலை முடிந்துவிட்டது என்கிற சொல். தேடிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது. ‘அனைவரும்’ என்பதற்கு முன்னால் எண் இல்லாததால், 12 பேர் உலகத்து நோயாளிகள் எல்லோருமாகிவிட்டார்கள்.

‘குணம்’ என்ற சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் காய்ச்சல் குணமாகிவிட்டது என்றால் கதை முடிந்தது, மறுபடி கிளினிக் போக வேண்டியதில்லை என்று பொருள். புற்றுநோய் மருத்துவர்கள் அந்தச் சொல்லை ஆண்டுக்கணக்கில் கண்காணித்த பிறகுதான் வாயிலெடுப்பார்கள். ஆய்வாளர்கள் அளந்தது வேறு: சோதனைகளில் கட்டியின் அறிகுறியே இல்லாத நிலை. ஆங்கிலச் செய்தியின் தலைப்பிலும் நோய் தணிந்த நிலைக்கான சொல்தான் இருந்தது. அதைக் குணமாக்கியது தமிழுக்குக் கொண்டுவந்த நான். மலாய்ச் செய்திகளைப் பார்த்து எழுதுகிறவர்களுக்கு இன்னொரு பள்ளமும் இருக்கிறது. ‘பெனாவார்’ என்ற மலாய்ச் சொல் நஞ்சுமுறிவு, நோய்தீர்ப்பது என்ற பொருள் கொண்டது. அங்கிருந்து எடுத்தால் மருந்து என்பதைத் தாண்டி ‘நோய் தீர்க்கும் மருந்து’ என்று கை தானாக எழுதிவிடும்.

இரண்டாவது, எச்சரிக்கையான மொழிபெயர்ப்பாளர்கள் ஓடி ஒளியும் தலைப்பு: ‘இம்மருந்து புற்றுநோயைக் குணப்படுத்தலாம்: ஆய்வு’. பார்த்தால் அடக்கமாக இருக்கிறது. ‘லாம்’ போட்டால் ஐயம் தெரிவித்துவிட்டோம் என்று நினைக்கிறோம். ஆனால் நம் மொழியில் அந்த விகுதிக்கு வேறு வேலையும் உண்டு. ‘உள்ளே வரலாம்’, ‘இப்போது சாப்பிடலாம்’ என்றால் அது அனுமதி. ‘சைக்கிளிலேயே போகலாம்’ என்றால் முடியும் என்று பொருள். கடை வாசலில் இதை நான் ஒரு பெரியவரிடம் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்டேன். பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து பேப்பர் படிக்கிறவர் அவர். “குணப்படுத்த முடியும் என்கிறான். அவ்வளவுதானே” என்றார். ‘குணப்படுத்தக்கூடும்’ என்று மாற்றிப் படித்தேன். கொஞ்சம் யோசித்தார். “சந்தேகம்தான் போலிருக்கிறது” என்றார். ஐயத்துக்கு ‘கூடும்’ ஓரளவு நியாயம் செய்கிறது, ‘லாம்’ செய்வதில்லை.

ஆனால் ‘கூடும்’ போட்டாலும் இந்தத் தலைப்பை நான் ஏற்கமாட்டேன். எது நிச்சயம், எது ஐயம் என்பதை அது இடம் மாற்றி வைக்கிறது. 12 பேரிடமும் கட்டி தென்படவில்லை என்பதில் ஒரு ஐயமும் இல்லை, அது நடந்தது. ஐயம் இருப்பது, எவ்வளவு காலம் தென்படாமல் இருக்கும் என்பதிலும், மற்ற வகைப் புற்றுகளில் என்ன ஆகும் என்பதிலும். ‘புற்றுநோயைக் குணப்படுத்தக்கூடும்’ என்றால் நடந்த சின்ன விஷயத்தை மறைத்துவிட்டு, நடக்காத பெரிய விஷயத்தை மெல்லிய குரலில் சொன்னதாகிவிடுகிறது. குரலைத் தாழ்த்தியதால் மிகை குறைந்துவிடவில்லை.

மூன்றாவது கேள்வித் தலைப்பு: ‘புற்றுநோய்க்கு முடிவு வந்துவிட்டதா?’ இதற்கு அதிக நேரம் வேண்டாம். பதில் இல்லை என்று எழுதுகிறவருக்குத் தெரியும்; தெரிந்தும் கேட்கிறார்.

நான்காவதைக் கட்டுவதற்கு ஒரு வாரம் ஆயிற்று. முதல் வடிவம் ‘புற்றுநோய் மறைந்த 12 நோயாளிகள்’. ஐயா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். “யாரப்பா இந்த மறைந்த நோயாளிகள்? இரங்கல் செய்தியா?” என்றார். ‘மறைந்த’ என்ற பெயரெச்சம் ஆளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் ஆளைக் கொன்றுவிடுகிறது. வினைமுற்றாக்கி ‘கட்டி மறைந்தது’ என்றால் அந்தத் தொல்லை இல்லை. சொல்லப்போனால் ‘மறைந்தது’ நேர்மையான சொல்தான். சூரியன் மறைவதும் நிலா மேகத்தில் மறைவதும் போல, திரும்பி வர அதில் இடமிருக்கிறது. ‘ஒழிந்தது’, ‘அழிந்தது’ என்பவற்றில் அந்த இடமில்லை. என்றாலும் கடைசியில் நான் ‘தென்படவில்லை’ என்பதைத் தேர்ந்தேன். தென்படவில்லை என்றால் யாரோ தேடிப் பார்த்தார்கள் என்பது அதிலேயே இருக்கிறது. ஆய்வு செய்தது அதைத்தான்.

வரம்பை எங்கே வைப்பது என்பதில் தமிழ் நமக்கு ஒரு சலுகை தருகிறது. ஆங்கிலத் தலைப்பு பெரிய சொல்லை முன்னால் வைத்து, எந்த வகை, எத்தனை பேர் என்பதைப் பின்னால் தொங்கவிடும். படிப்பவர் பாதியில் போய்விடுவார். தமிழில் அடைமொழி பெயருக்கு முன்னால்தான் வரவேண்டும். ‘ஒருவகை மலக்குடல் புற்றுநோய்’ என்றால் புற்றுநோய் என்ற சொல்லை அடைவதற்கு முன்பே இரண்டு வேலிகளைத் தாண்டியாக வேண்டும். நான் செய்துகொண்டிருந்தது, ஆங்கில வரிசையைத் தமிழில் வலிந்து கொண்டுவந்து, நம் மொழி இலவசமாகத் தந்த வேலியைப் பிடுங்கியது.

எண்ணுக்குப் பின்னால் வரும் உம்மையையும் விடக்கூடாது. ‘12 பேரிடம்’ என்றால் எத்தனை பேரில் 12 என்று கேள்வி எழும். நூறு பேரில் பன்னிரண்டா என்றுகூட நினைக்கலாம். ‘12 பேரிடமும்’ என்றால் சிகிச்சையை முடித்துக் கண்காணிக்கப்பட்டவர்கள் அவ்வளவே, அவர்கள் அத்தனை பேரும் என்பது ஒரே எழுத்தில் முடிந்துவிடுகிறது. எனக்கு இந்தச் செய்தியின் வியப்பு முழுவதும் அந்த ‘உம்’மில்தான் இருக்கிறது. அதைச் சேர்க்க மிகை தேவையில்லை.

ஆகவே நான்காம் தலைப்பு: ‘ஒருவகை மலக்குடல் புற்றுநோய்: மருந்து பெற்ற 12 பேரிடமும் கட்டி தென்படவில்லை’.

ஐயாவுக்கு இது பிடிக்கவில்லை. “நீளம். பலகையில் இரண்டு வரி பிடிக்கும். யார் நின்று படிப்பார்கள்?” என்றார். நியாயமான கேள்வி. எழுத்தளவைக் குறைக்க வேண்டியிருந்தது. பக்கத்திலிருந்த கோழிக்குஞ்சு விற்பனை அறிவிப்பு கீழே இறங்கியது. இந்தத் தலைப்பால் நாம் இழப்பது அதுதான், அதை மறைக்க மாட்டேன். நான் நான்கு தலைப்புகளையும் தனித்தனித் தாளில் எழுதிக் கடை வாசலில் ஆறேழு பேரிடம் வாசித்துக் காட்டினேன். வாசித்ததும் தாளைக் கவிழ்த்துவிட்டு மூன்று கேள்வி: யாருக்கு? எத்தனை பேருக்கு? உங்கள் வீட்டில் ஒருவருக்குப் புற்று இருந்தால் நாளைக்கு என்ன செய்வீர்கள்? முதல் தலைப்பைக் கேட்டவர்கள் மூன்றாம் கேள்விக்கு ‘அந்த மருந்தைக் கேட்பேன்’ என்றார்கள். இரண்டாவதைக் கேட்டவர்களும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள். நான்காவதைக் கேட்ட ஒரு பெண் சொன்னது: “நமக்கு இருக்கிறது அந்த வகையா என்று டாக்டரிடம் கேட்பேன்.” ஐயா அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. கோழிக்குஞ்சுக்காரரிடம் அவரே பேசிக்கொண்டார்.

அந்தப் பதில் எனக்குப் பெரிய லாபமாகப் பட்டது. சரியான தலைப்பு நம்பிக்கையைப் பறிக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. இங்கே அது ஒரு கேள்வியைக் கொடுத்தது. பதில் கிடைக்கக்கூடிய கேள்வியை. புற்றிலிருந்து எடுத்த திசுவில் அந்தத் திருத்தும் ஏற்பாடு பழுதா என்று சோதித்துச் சொல்ல முடியும். அதனால் செய்தியின் முதல் வாக்கியத்திலேயே 100 பேரில் 5 முதல் 10 பேர் என்ற அளவையும், மருந்தின் பெயரைத் தமிழ் எழுத்தில் முழுதாகவும் போட்டுவிடுவேன். பெயர் இருந்தால் தாளை அப்படியே மருத்துவரிடம் நீட்டலாம். விலையும் போடுவேன்: ஒரு டோஸ் சுமார் 11,000 அமெரிக்க டாலர் என்று அப்போதைய செய்திகள் சொல்லின. நாளைக்கே கிடைக்குமா என்ற கேள்விக்கு அதைவிடச் சுருக்கமான பதில் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நான்காவது தலைப்போடு செய்தியைத் திரும்பப் போட்டோம். சென்ற வாரத் தலைப்பு தவறு என்று மேலேயே ஒரு வரி. ஐயா அதைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னார்.

இந்தச் செய்தி அத்தோடு முடியவில்லை. 2024 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்த மருந்துக்கு, இதே வகை மலக்குடல் புற்றுக்காக, ஒரு தகுதி கொடுத்தது. அந்தத் தகுதியின் ஆங்கிலப் பெயரிலேயே ‘பெரும் திருப்புமுனை’ என்று பொருள்படும் சொல் இருக்கிறது. அதைப் பார்த்ததும் ‘மருத்துவ உலகில் புரட்சி: அரசு அறிவிப்பு’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் அது 2012இல் அமெரிக்கச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட ஒரு நிர்வாகப் பெயர். கடுமையான நோய் ஒன்றுக்கு, இப்போதுள்ள சிகிச்சையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேல் என்று தொடக்கக்கட்டச் சான்று இருந்தால், அந்த மருந்தைச் சோதித்துப் பரிசீலிக்கும் வேலையை நிர்வாகம் துரிதப்படுத்தும். அனுமதி அல்ல அது. நாங்கள் ‘விரைந்து பரிசீலிக்கும் தகுதி’ என்று எழுதினோம். பெயர்ப்பலகையைச் சொல்லுக்குச் சொல் மாற்றுவதைவிட, அந்த அலுவலகம் செய்யும் வேலையைச் சொல்வது மேல். ஆங்கிலம் படிக்கிறவர்களே அந்தச் சொல்லில் மயங்குகிறார்கள் என்று 2015இல் அமெரிக்காவில் சோதித்தே பார்த்தார்கள்: மருந்தைப் பற்றிய ஒரே விவரத்தில் அந்தச் சொல்லைச் சேர்த்ததும், மருந்தின் மேல் மக்களுக்கு நம்பிக்கை கூடிவிட்டது.

2025 ஏப்ரலில் அடுத்த முடிவு வந்தது. இப்போது சிகிச்சையை முடித்த மலக்குடல் புற்றுநோயாளிகள் 49 பேர். 49 பேரிடமும் கட்டி தென்படவில்லை. என் பழைய முதல் தலைப்பை வைத்திருந்தால் இதற்கு என்ன போட்டிருப்பேன் என்று யோசித்தேன். ‘புற்றுநோய்க்கு மருந்து’ மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ‘கண்டுபிடிக்கப்பட்டு’விட்டதே. மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டும். நான்காவதில் எண்ணை மட்டும் மாற்றினேன்: ‘ஒருவகை மலக்குடல் புற்றுநோய்: மருந்து பெற்ற 49 பேரிடமும் கட்டி தென்படவில்லை’. 12 எப்படி 49 ஆயிற்று என்பதை, பலகையைத் தொடர்ந்து பார்க்கிறவர்கள் தாங்களே கண்டார்கள்.

இம்முறை ஆய்வில் வயிறு, பெருங்குடல் போன்ற மற்ற இடங்களில் அதே பழுதுள்ள கட்டி கொண்டு சிகிச்சையை முடித்த 54 பேரும் இருந்தார்கள். அவர்களில் 35 பேரிடம் கட்டி தென்படவில்லை. இரண்டு கூட்டத்தையும் சேர்த்து ஒரே சதவீதமாகப் போட்ட தலைப்புகள் வந்தன. நாங்கள் சேர்க்கவில்லை. 49இல் 49 வேறு, 54இல் 35 வேறு. கூட்டிவிட்டால் முதலாவது மங்கும், இரண்டாவது மின்னும். மற்ற இடத்துக் கட்டிகளை உள்ளே இரண்டாம் பத்தியில், உம்மை இல்லாமல், ‘54 பேரில் 35 பேரிடம்’ என்று எழுதினோம். இங்கே உம்மை போட்டிருந்தால் அது பிழை.

அன்று மாலை பலகை முன்னால் அக்கா நின்றுகொண்டிருந்தார். கணவர் 2022 கடைசியில் அறுவை செய்துகொண்டார். இப்போது வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நட்டிருக்கிறார். அக்கா தலைப்பை உரக்கவே படித்தார். நான் பக்கத்தில் போனேன்.

“அந்த வகைதானே, தம்பி?” என்றார். “அவருக்கு அது இல்லை. ஃபைலைப் பார்த்து அப்போதே டாக்டர் சொல்லிவிட்டார்.”

பிறகு கடைக்குள் போய் ஒரு கிலோ வெங்காயம் நிறுத்துத் தரச் சொன்னார்.